மாணவர் தள்ளுபடி: கடைக்காரர் போடும் வேலி

ஒரு சாஃப்ட்வேரின் இணையதளத்துக்குப் போய் "நான் மாணவன்" என்ற பொத்தானை அழுத்துறோம். காலேஜ் மெயில் ஐடி கேட்கும், கொடுக்கிறோம். உடனே விலை பாதிக்கும் கீழே இறங்குது. அதே ஃபைல்தான் டவுன்லோட் ஆகுது. அதை நமக்குக் கொடுக்க கம்பெனிக்கு ஆகுற செலவும், ஒரு பெரிய நிறுவனத்தின் இன்ஜினியருக்குக் கொடுக்க ஆகுற செலவும் ஒண்ணுதான். அப்புறம் ஏன் நமக்கு மட்டும் குறைவு?

"மாணவர்கள் பாவம்னு கொடுக்கிறாங்க" என்பதுதான் நம்மில் பலர் சொல்ற பதில். கம்பெனி அப்படி நினைச்சாலும் நினைக்காவிட்டாலும், இந்தத் தள்ளுபடியால் அதன் லாபம் கூடுது. ஒரே பொருளை, செலவில் வித்தியாசம் இல்லாமலேயே, வேறு வேறு ஆட்களுக்கு வேறு வேறு விலையில் விற்பதைப் பொருளாதாரத்தில் விலைப் பாகுபாடு என்று சொல்வாங்க. "பாகுபாடு" என்றதும் ஏதோ தப்பு மாதிரி தோணும். இங்கே அந்தச் சொல்லுக்கு "பிரித்து விலை வைப்பது" என்று மட்டும்தான் அர்த்தம். அது நல்லதா கெட்டதா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்கணும். போட்டுப் பார்ப்போம்.

ஒரு சிறு கணக்கு

சர்க்யூட் சிமுலேஷன் சாஃப்ட்வேர் ஒன்றை ஒரு கம்பெனி எழுதி முடிச்சிருக்குன்னு வைச்சுக்கோங்க. எழுதின செலவு எப்பவோ ஆகிப்போச்சு. இனி ஒரு காப்பி கூடுதலா விற்க ஆகுற செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

வாங்கக்கூடியவங்க இரண்டு வகை. வேலை பார்க்கிற இன்ஜினியர்கள் 100 பேர். இவங்க ஒவ்வொருவரும் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை கொடுக்கத் தயார். மாணவர்கள் 300 பேர். இவங்க அதிகபட்சம் 2,000 ரூபாய் வரை கொடுப்பாங்க. அதுக்கு மேல ஒரு ரூபாய் போனாலும் "வேண்டாம்"னு எழுந்து போயிடுவாங்க.

கம்பெனி எல்லோருக்கும் ஒரே விலைதான் வைக்கணும் என்றால் அதுக்கு இரண்டே வழி. விலையை 10,000 ரூபாய் வைச்சா 100 இன்ஜினியர்கள் மட்டும் வாங்குவாங்க. வருமானம் 10 லட்சம். 2,000 ரூபாய் வைச்சா 400 பேரும் வாங்குவாங்க. ஆனா வருமானம் 8 லட்சம்தான். அதனால கம்பெனி யோசிக்காம 10,000 ரூபாயையே வைக்கும். 300 மாணவர்களுக்கும் சாஃப்ட்வேர் கிடைக்காது. (திருட்டு காப்பி கதையை இங்கே விட்டுடுவோம்.)

இப்போ மாணவர்களைத் தனியா பிரிக்க ஒரு வழி கிடைக்குது. இன்ஜினியர்களுக்கு 10,000, மாணவர்களுக்கு 2,000. வருமானம் 10 லட்சமும் 6 லட்சமும் சேர்ந்து 16 லட்சம். இன்ஜினியர்கள் முன்பு கொடுத்ததைத்தான் இப்பவும் கொடுக்கிறாங்க. மாணவர்களுக்கு முன்பு கிடைக்காதது இப்போ கிடைக்குது. கம்பெனிக்கு 6 லட்சம் கூடுதல். யாருக்கும் நஷ்டம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு. தள்ளுபடியால் கம்பெனி எதையும் இழக்கல. ஏன்னா அந்த 300 பேரும் 10,000 ரூபாய் விலையில் வாங்கியிருக்கவே மாட்டாங்க. நம்மிடம் "இழந்த" 8,000 ரூபாய் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இருந்ததே இல்லை.

எல்லோராலும் ஏன் இதைச் செய்ய முடியல?

கோயம்பேட்டில் தக்காளி விற்கிறவர் "மாணவர்களுக்கு கிலோ 20, மத்தவங்களுக்கு 40"னு போர்டு வைச்சா என்ன ஆகும்? 40 ரூபாய் கேட்கப்பட்டவர் பக்கத்துக் கடைக்குப் போயிடுவார். இல்லைன்னா ஒரு மாணவன் 20 ரூபாய்க்கு பத்து கிலோ வாங்கி, கடை வாசலிலேயே நின்று 30 ரூபாய்க்கு விற்பான். ஒரு மணி நேரத்தில் போர்டைக் கழட்டிடுவார்.

இதிலிருந்தே மூன்று நிபந்தனைகள் தெரியுது. முதலாவது, விற்பவருக்கு விலையை நிர்ணயிக்கிற கொஞ்சம் சக்தியாவது இருக்கணும். அதே பொருள் பக்கத்திலேயே கிடைக்கக் கூடாது. இரண்டாவது, யார் அதிகம் கொடுக்கத் தயார், யார் விலையைப் பார்த்ததும் விலகிப் போவாங்க என்று பிரித்துப் பார்க்க அவருக்கு ஒரு வழி வேணும். மூன்றாவது, மலிவா வாங்கினவர் அதை மத்தவங்களுக்கு விற்க முடியாம தடுக்கணும்.

சாஃப்ட்வேர் லைசென்ஸ், ரயில் டிக்கெட், விமான டிக்கெட், சினிமா, இசைச் செயலி சந்தா. மாணவர் சலுகையும் நேரச் சலுகையும் இவற்றிலேயே அதிகம் இருப்பது தற்செயல் இல்லை. லைசென்ஸ் நம்ம பேரில் இருக்கு, டிக்கெட்டில் நம்ம அடையாள அட்டையைப் பார்க்கிறாங்க, பார்த்து முடிச்ச படத்தை யாருக்கும் விற்க முடியாது. மறுவிற்பனை தானாகவே அடைபட்டிருக்கு.

மீதி இருப்பது இரண்டாவது நிபந்தனை. அதாவது பிரிப்பது. இதைத்தான் வேலி என்கிறேன். குறைந்த விலைப் பக்கத்துக்கு மாணவர்கள் தாண்டி வரலாம், இன்ஜினியர்கள் தாண்டி வரக் கூடாது. காலேஜ் மெயில் ஐடி அப்படி ஒரு வேலி. நம்ம மாணவர் என்பதில் கம்பெனிக்குத் தனி அக்கறை எதுவும் தேவையில்லை. "மாணவர்" என்ற அடையாளம் எளிதா சரிபார்க்கக்கூடியது, பொய் சொல்றது கஷ்டம், பெரும்பாலும் கையில் காசு குறைவு என்பதோடு ஒத்துப்போகுது. அது போதும்.

ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ 1920-ல் விலைப் பாகுபாட்டை மூன்று படிகளாகப் பிரிச்சார். ஒவ்வொரு ஆளிடமும் அவர் கொடுக்கக்கூடிய முழுத் தொகையையும் வாங்கிவிடுவது முதல் படி; நடைமுறையில் அபூர்வம். மாணவர், முதியவர் என்று குழுவாகப் பிரிப்பது மூன்றாம் படி. நம்ம மெயில் ஐடி கதை இதுதான். நடுவில் இருக்கிற இரண்டாம் படிதான் சுவாரஸ்யம். இன்று நாம் பேசுற வடிவத்தில், அங்கே விற்பவர் யாரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை. இரண்டு மூன்று வகைகளை மேசையில் வைச்சிட்டு, "நீங்களே எடுத்துக்கோங்க" என்கிறார்.

அட்டை கேட்காம பிரிப்பது எப்படி?

நம்ம சிமுலேஷன் கம்பெனிக்கே திரும்புவோம். இந்த முறை மாணவர் யார் என்று சரிபார்க்க வழியில்லைன்னு வைச்சுக்கோங்க. அதனால இரண்டு பதிப்பு வெளியிடுறாங்க: ஃபுல், லைட். லைட் பதிப்பில் பெரிய சர்க்யூட்களைப் போட முடியாது. மாணவரின் லேப் வேலைக்கு அது ஒரு குறையே இல்லை. லைட்டுக்கும் 2,000 கொடுப்பார். இன்ஜினியருக்கு லைட் பதிப்பு 4,000 ரூபாய் அளவுக்குத்தான் பயன்படும்.

லைட்டை 2,000-க்கு விற்கிறாங்க. ஃபுல் விலை 10,000 என்று வைக்க முடியுமா? முடியாது. 10,000 கொடுத்து ஃபுல் வாங்கினா இன்ஜினியருக்கு மிச்சம் பூஜ்யம். 4,000 மதிப்புள்ள லைட்டை 2,000-க்கு வாங்கினா மிச்சம் 2,000. அவர் லைட்டுக்குத் தாவிடுவார். அவரை ஃபுல் பக்கம் நிறுத்தணும்னா அந்த 2,000 மிச்சத்தை ஃபுல்லிலும் கொடுக்கணும்:

ஃபுல் விலை = 10,000 − (4,000 − 2,000) = 8,000

வருமானம்: 100 × 8,000 + 300 × 2,000 = 14 லட்சம். அட்டை பார்த்து விற்றப்போ வந்த 16 லட்சத்தை விட 2 லட்சம் குறைவு. வேலியில் ஒரு ஓட்டை இருக்கு. அந்த ஓட்டையின் விலைதான் இந்த 2 லட்சம்.

இப்போ கம்பெனியில் ஒருவர் ஒரு யோசனை சொல்றார். "லைட் பதிப்பை இன்னும் கொஞ்சம் கெடுப்போம். ஒவ்வொரு பிரிண்டிலும் பெரிய வாட்டர்மார்க் வரட்டும்." மாணவர்களுக்கு அது சின்ன எரிச்சல், அவங்க கொடுக்கத் தயாரா இருக்கிற விலை 2,000-லிருந்து 1,800 ஆகுது. ஆனா வாடிக்கையாளருக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டிய இன்ஜினியருக்கு லைட்டின் மதிப்பு 4,000-லிருந்து 2,500-க்கு விழுந்துடுது. லைட்டை 1,800-க்கு விற்றா அதில் இன்ஜினியருக்கு மிச்சம் 700 மட்டும். ஆக ஃபுல் விலையை 9,300 வரை ஏத்தலாம்.

வருமானம்: 100 × 9,300 + 300 × 1,800 = 14.7 லட்சம்.

பொருளைக் கெடுத்ததால் கம்பெனிக்கு 70,000 ரூபாய் லாபம்! வாட்டர்மார்க் போடுற கோடு எழுத ஆகுற செலவு போக மிச்சமெல்லாம் லாபம்தான். கெடுத்தது மாணவர் வாங்குற பொருளை. ஆனா குறி வைச்சது மாணவரை இல்லை. பக்கத்தில் நிற்கிற இன்ஜினியரை. அவர் எட்டிப் பார்த்தாலும் உள்ளே வரக் கூடாது.

கூரை இல்லாத ரயில் பெட்டி

இதை முதலில் தெளிவா எழுதினவர் ஒரு சிவில் இன்ஜினியர். பிரான்ஸ் நாட்டின் ஜூல் டுப்புயி. பாலம், சாலை, சாக்கடை கட்டுற அரசாங்க இன்ஜினியர். பாலத்துக்கு எவ்வளவு சுங்கம் வாங்கலாம் என்ற கேள்வியிலிருந்து பொருளாதாரத்துக்குள் வந்தவர். 1849-ல் அவர் எழுதின கட்டுரையில் அப்போதைய ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைப் பற்றிப் பேசுறார். சில கம்பெனிகள் அந்தப் பெட்டிகளுக்குக் கூரை கூடப் போடல, உட்கார மரப்பலகை. கூரை போட ஆகுற செலவு அற்பம். ஏழைகளை வதைக்கணும்னு கம்பெனிக்கு ஆசையும் இல்லை. இரண்டாம் வகுப்புக் கட்டணம் கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறாம இருக்கணும், அவ்வளவுதான் என்கிறார் டுப்புயி. அதே காரணத்தால்தான் முதல் வகுப்புக்காரருக்குத் தேவைக்கு மேலேயே வசதி கிடைக்குது என்றும் சொல்றார். நம்ம வாட்டர்மார்க் கணக்கும் அந்தக் கூரையும் ஒண்ணுதான்.

நம்ம துறையிலும் இது நடந்திருக்கு. 1990-ல் ஐபிஎம் ஒரு லேசர் பிரிண்டரின் மலிவுப் பதிப்பை வெளியிட்டது. பெயர் லேசர்பிரிண்டர் ஈ. விலை உயர்ந்த மாடல் நிமிடத்துக்கு 10 பக்கம், மலிவானது 5 பக்கம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மெஷின். மலிவானதில் பிரிண்டரைக் காத்திருக்க வைச்சு மெதுவாக்குற ஏற்பாட்டைக் கூடுதலா சேர்த்திருந்தாங்க. அதாவது, குறைந்த விலை மாடலில் வேலை அதிகம்!

1991-ல் இன்டெல் வெளியிட்ட 486எஸ்எக்ஸ் இன்னொரு உதாரணம். அதுக்கு முன் வந்த 486டிஎக்ஸ் சிப்புக்குள்ளேயே தசமக் கணக்குப் போடுற மேத் கோப்ராசஸர் இருந்தது. ஆரம்பகால எஸ்எக்ஸ் என்பது அதே சிப்தான், அந்தப் பகுதியை மட்டும் முடக்கி மலிவா விற்றாங்க. பிறகு கோப்ராசஸர் வேணும்னு நினைச்சவங்களுக்கு 487எஸ்எக்ஸ் என்று ஒன்றை விற்றாங்க. அது நடைமுறையில் ஒரு முழு டிஎக்ஸ்; சாக்கெட்டில் பொருத்தினதும் பழைய எஸ்எக்ஸை ஓய்வெடுக்க வைச்சிட்டு எல்லா வேலையையும் தானே பார்க்கும். பிந்தைய எஸ்எக்ஸ் சிப்களில் அந்தப் பகுதியையே நீக்கி சிப்பைச் சின்னதாக்கிட்டாங்க. அப்போது செலவும் உண்மையிலேயே குறைஞ்சது. அதுக்குப் பிறகு அதை வெறும் விலைப் பாகுபாடு என்று சொல்ல முடியாது.

நேரத்துக்கு ஒரு விலை

இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். ஏன்னா கூட்டம் இல்லாத நேரத்தில் கட்டணம் குறைவு என்றதும் அதையும் விலைப் பாகுபாடு என்று சொல்லிவிடுறோம். பாதிதான் சரி.

டெல்லி மெட்ரோவில் ஸ்மார்ட் கார்டு வைச்சிருந்தா வழக்கமான 10 சதவீதச் சலுகையோட, கூட்டம் குறைவான நேரங்களில் மேலும் 10 சதவீதம் குறையும். காலை ஒன்பது மணிக்கு ஏறுகிறவரையும் மதியம் இரண்டு மணிக்கு ஏறுகிறவரையும் யோசிச்சுப் பாருங்க. ஒரு மெட்ரோவுக்கு எத்தனை ரயில் வாங்கணும், எத்தனை டிரைவர் வேணும் என்பதெல்லாம் காலை ஒன்பது மணிக் கூட்டத்தை வைச்சுத்தான் முடிவாகுது. அந்த நேரத்தில் ஆட்கள் கூடினா இன்னொரு ரயில் வாங்கணும். மதியம் இரண்டு மணிக்கு ஓடுற ரயில் எப்படியும் ஓடும், இருக்கை காலியா இருக்கும். ஒருவர் கூடுதலா ஏறினா செலவு ஒண்ணுமே இல்லை. ஆக இரண்டு பயணங்களின் செலவும் ஒண்ணு இல்லை. மின்சாரத்திலும் இப்படித்தான்: உயர் மின்னழுத்த தொழிற்சாலை இணைப்புகளுக்கு உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம் வாங்குறாங்க, ஏன்னா அந்த நேரத் தேவைக்காகத்தான் கூடுதல் மின் நிலையம் வேண்டியிருக்கு. இதை உச்சச் சுமை விலை என்பாங்க. செலவைத் தொடர்ந்து விலை போகுது.

ஆனா அதிலேயே வேலியும் ஒளிஞ்சிருக்கலாம். காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் போகிறவரால் பயணத்தை இரண்டு மணிக்குத் தள்ளிப்போட முடியாது. கட்டணம் ஏறினாலும் கொடுத்துத்தான் ஆகணும். நேரம் என்பது அட்டை கேட்காமலேயே ஆட்களைப் பிரிச்சுடுது.

இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? பழைய விமான டிக்கெட் விதி ஒன்று இதுக்கு நல்ல உதாரணம். அமெரிக்க விமான நிறுவனங்கள் பல ஆண்டுகள், சனிக்கிழமை இரவு போன ஊரிலேயே தங்கிட்டுத் திரும்பினால் மட்டும் மலிவு டிக்கெட் என்று விதி வைச்சிருந்தாங்க. ஒரே விமானம், ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்து இருக்கை. நீங்க சனிக்கிழமை எங்கே தூங்குறீங்க என்பதால் விமானத்தின் செலவு மாறாது. ஆனா கம்பெனி காசில் பறக்கிறவர் வார இறுதிக்கு வீட்டுக்குத் திரும்பிடுவார். சுற்றுலாப் பயணிக்குத் தங்குவதில் கஷ்டம் இல்லை. செலவோட எந்தச் சம்பந்தமும் இல்லாத நிபந்தனை ஒன்று சலுகையோட ஒட்டிக்கிட்டிருந்தா, அது வேலி.

நம்ம ஊர் பள்ளி மாணவர்களின் இலவச பஸ் பாஸ் இந்த இரண்டு வகையிலும் சேராது. அந்தச் செலவைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசாங்கம் ஈடுகட்டுது. அது மானியம்; லாபக் கணக்கில் பிறந்த விலை இல்லை.

எப்போ நல்லது, எப்போ இல்லை?

முதல் கணக்கில் யாருக்கும் நஷ்டம் இல்லைன்னு பார்த்தோம். அதில் ஒரே ஒரு எண்ணை மாத்துவோம். மாணவர்கள் 300 பேர் இல்லை, 600 பேர்.

இப்போ ஒரே விலை 10,000 வைச்சா பழையபடி 10 லட்சம். ஒரே விலை 2,000 வைச்சா 700 பேர் வாங்குவாங்க, 14 லட்சம். ஆக சலுகை எதுவும் இல்லாமலேயே கம்பெனி எல்லோருக்கும் 2,000-தான் வைக்கும். இந்த நிலையில் "மாணவர் சலுகை" கொண்டுவந்தா என்ன நடக்கும்? மாணவர் விலை 2,000-லேயே நிற்கும். இன்ஜினியர் விலை 2,000-லிருந்து 10,000-க்கு ஏறும். வருமானம் 22 லட்சம். கூடுதலா வந்த 8 லட்சமும் 100 இன்ஜினியர்களின் பாக்கெட்டிலிருந்து போனது. புதுசா ஒருத்தருக்குக் கூட சாஃப்ட்வேர் கிடைக்கல.

இரண்டு நிலையிலும் இணையதளத்தில் எழுதியிருப்பது ஒரே வாசகம்தான்: "மாணவர்களுக்கு 80 சதவீதம் தள்ளுபடி". முதல் நிலையில் அது உண்மையிலேயே நமக்குக் கதவைத் திறந்தது. இரண்டாவதில் நமக்கு எதுவும் மாறல, மத்தவங்களுக்கு விலை ஏறிச்சு. ஏறின விலைக்கு "வழக்கமான விலை" என்று பேர் வைச்சாச்சு. நம்ம எண்களில் எல்லைக்கோடு 400 மாணவர்கள். 2,000 × (100 + 400) என்பது சரியா 10 லட்சம். அதுக்குக் கீழே மாணவர்கள் இருந்தா சலுகை புதிய ஆட்களைக் கொண்டுவருது. மேலே போனா பணத்தை இடம் மாத்துது.

அதனாலதான் விலைப் பாகுபாட்டை எடைபோடும்போது பொருளாதாரத்தில் முதலில் கேட்கிற கேள்வி: மொத்தம் விற்ற எண்ணிக்கை கூடிச்சா? கூடலைன்னா எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்த மொத்த நன்மை கூடலைன்னு தைரியமா சொல்லலாம். கூடியிருந்தா மட்டும், அந்தக் கூடுதல் பேருக்குக் கிடைச்ச நன்மை மத்தவங்க கொடுத்த கூடுதல் விலையை ஈடுகட்டுதா என்று பார்க்கலாம்.

கடைசியா ஒண்ணு. சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு மாணவர் விலையில் இன்னொரு கணக்கும் இருக்கு. நாலு வருஷம் ஒரே கருவியில் வேலை செஞ்சு பழகினவர், வேலைக்குப் போன இடத்திலும் அதையே கேட்பார். அங்கே பில் கட்டுவது நிறுவனம். விலை நம்ம கணக்கில் வந்த இன்ஜினியர் விலை. பட்டம் வாங்கினதும் நம்ம காலேஜ் மெயில் ஐடி செயலிழக்கும். அன்னைக்கே நாம் வேலியின் அந்தப் பக்கம் போயிடுறோம். அதனால ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை எந்த ஃபைல் வடிவத்தில் சேமிக்கிறோம், அதை வேறு சாஃப்ட்வேரில் திறக்க முடியுமா என்பதை மாணவர் விலை செல்லும்போதே பார்த்து வைச்சுக்கிறது நல்லது.